ஞாயிற்றுக்கிழமை எந்தக் கட்டத்தில்

வெங்கடப்பனைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் இருக்கிறது. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. பெங்களூரில் ஒரு மனநலப் பயிற்சி நிலையத்தின் அலமாரியில், பழைய ரிப்போர்ட்டுகளோடு ரிப்போர்ட்டாக அது தூசி தின்றுகொண்டிருக்கிறது. எழுதியவன் சௌந்தரராஜன், சாத்தூர்க்காரன். மருத்துவ உளவியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதினான். ஆங்கிலத்தில் ஒரு பிழை கிடையாது. வெங்கடப்பன் எங்கே பிறந்தான், எதுவரை படித்தான், எப்போது கல்யாணம், எல்லாம் இருக்கிறது. ஆளைத்தான் காணோம்.

தொண்ணூற்றாறாம் வருஷம். பயிற்சி நிலையத்திலிருந்து வாரம் ஒரு நாள் ஓசூருக்கு வேன் வரும். மனநல டாக்டர் ஒருவர், பயிற்சி மாணவர்கள் சிலர், மாத்திரைப் பெட்டிகள். ஒரு சமுதாயக் கூடத்தில் முகாம். கூடத்தின் நடுவில் துணித்திரை கட்டி ஒன்றை இரண்டு அறையாக்கியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கேட்பது இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் நோயாளி அழுதால் அந்தப் பக்கம் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ரகசியம் காப்பது பற்றிய பாடத்தைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

அந்தத் திரைக்கு இந்தப் பக்கம்தான் வெங்கடப்பன் முதல்முதலாக வந்து உட்கார்ந்தான். கூட அவன் மனைவி முனிலட்சுமி. அவனுக்கு முப்பத்தைந்து வயது மதிக்கலாம். வெளுத்த காக்கிச் சட்டை. வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'பதற்றம், வலது கையை மறைத்து அமர்கிறார்' என்று சௌந்தரராஜன் குறித்துக்கொண்டான். கண் கூர்மையான பையன் என்று வகுப்பில் அவனுக்குப் பெயர்.

"என்ன பண்ணுது உங்களுக்கு?"

வெங்கடப்பன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் பேசினாள்.

"தூக்கமே இல்லீங்க சார். கண்ண மூடுனா ஐயோன்னு எந்திரிச்சி உக்காந்துக்கறாரு. பக்கத்து வூட்ல யாராச்சும் ஒலக்கைல இடிச்சா இவரு நடுங்கறாரு. கம்பெனிக்குப் போயி மாசக்கணக்காவுதுங்க. கேட்டு வரைக்கும் போறாரு, திரும்பி வந்துடறாரு. சோத்தைக் கையால பிசையமாட்டேங்கறாரு. ஸ்பூன் குடுன்னு கேக்கறாருங்க."

"வலிக்குதா கை?"

"இல்லீங்க சார்" என்றான் வெங்கடப்பன். அதோடு சரி.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பாகலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மற்றபடி தமிழ். மூன்றிலுமே குறைவாகப் பேசுகிறவன். ஓசூரில் தொழிற்பேட்டை வந்தபின் வண்டிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, மத்திகிரியில் லைன் வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டான். தகட்டை அச்சில் வைத்து அடித்து உருவாக்கும் பிரஸ் மிஷினில் ஆபரேட்டர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. இன்னொரு ஷிப்டு பார்க்கிறாயா என்றால் பார்ப்பான். ஊர்த் திருவிழாவுக்கு லீவு இல்லை என்றால் சரி என்பான். இப்படிப்பட்டவர்களை நல்லவன் என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்போம். அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை.

விபத்து நடந்தது அவனுக்கில்லை. அவனோடு ஒரே மிஷினில் நின்ற தங்கதுரைக்கு. கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன், வெங்கடப்பனைவிடக் கொஞ்சம் மூத்தவன். அச்சில் சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை விட்டான், அச்சு இறங்கிவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

"நீங்க எங்க இருந்தீங்க அப்போ?" என்று கேட்டான் சௌந்தரராஜன்.

"நாந்தாங்க மிஷின்ல இருந்தேன்."

சொல்லிவிட்டு வெங்கடப்பன் திரையைப் பார்த்தான். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். முனிலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது மிஷினுக்குக் கோளாறுங்க சார், கம்பெனிலயே சொல்லிட்டாங்க" என்றாள். சௌந்தரராஜன் தலையாட்டினான். 'நண்பருக்கு நேர்ந்த கடும் விபத்தை நேரில் கண்டவர்' என்று எழுதினான். கேட்டதும் எழுதியதும் ஒன்றில்லை என்று அப்போது அவனுக்குப் படவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது.

சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையும் கேட்டான். கேட்கவேண்டிய கேள்வி, கூசாமல் நேராகவே கேட்டான். "இல்லீங்க சார்" என்றான் வெங்கடப்பன். அது சத்தியமான பதில். அவனுக்குச் சாகவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பெங்களூரில் சௌந்தரராஜனுக்கு வழிகாட்டி சென்னம்மா மேடம். கன்னடத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். ரிப்போர்ட்டில் மேலோட்டத்தைக் கண்டால் சிவப்பு மையில் கிழித்துப்போடுவார். நோயாளியின் கதையை ஐந்து கேள்விகளில் கோத்துக் காட்டவேண்டும் என்பது அவருடைய பாடம். ஆள் என்ன தொல்லையோடு வந்திருக்கிறான். அந்தத் தொல்லைக்கு அவனை முன்பே தயார்செய்து வைத்தது எது. இப்போது கிளப்பிவிட்டது எது. போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது எது. இத்தனைக்கும் நடுவில் அவனைத் தாங்கி நிற்பது எது. ஆங்கிலத்தில் ஐந்தும் 'பி' எழுத்தில் தொடங்கும். அதனால் மாணவர்கள் வாயில் அது ஐந்து பி. தாளில் கோடு கிழித்து ஐந்து கட்டம் போட்டு நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது மாணவர்களின் கணிப்பு.

"கட்டம் போட்டுக்கோ, வேண்டாங்கல. ஆனா அடைச்சிட்டுப் போயிடாதே" என்பார் சென்னம்மா. "ஒண்ணு இன்னொண்ண எப்படி இழுத்துட்டு வருதுன்னு எழுது. ஒரே விஷயம் ரெண்டு கட்டத்துல உக்காரும். இது என்ன விஷயம்னு பாக்காதே. இது இவனுக்கு என்ன செய்யுதுன்னு பாரு. அப்புறம் இன்னொண்ணு. நாம எழுதறது முடிவு இல்ல, ஒரு ஊகம். தப்பா இருந்தா மாத்தணும்."

சௌந்தரராஜன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதிக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் கட்டங்கள் நிரம்பின. முதல் கட்டத்தில் தூக்கமின்மை, கெட்ட கனவு, சத்தத்துக்கு நடுங்குவது, வேலைக்குப் போக முடியாதது. மூன்றாவதில் விபத்து. நான்காவதும் சுலபம்தான். பயந்து கம்பெனிக்குப் போகாமல் இருக்க இருக்கப் பயம் வளர்கிறது. போகாத அன்று கிடைக்கிற நிம்மதியே மறுநாளும் போகவிடாமல் செய்கிறது. முனிலட்சுமி வீட்டில் அம்மிச் சத்தம்கூடக் கேட்காமல் பார்த்துக்கொள்கிறாள், அதனால் சத்தம் ஒன்றும் செய்யாது என்று அவன் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போகிறது. எல்லாம் சரி. பாடத்தில் உள்ளபடி சரி, உண்மையிலும் சரி.

இரண்டாவது கட்டத்துக்கு விஷயம் தந்தது வெங்கடப்பனேதான். சின்ன வயதில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடு மேய்க்கப் போவானாம். ஒரு நாள் மாடு அடுத்தவர் ராகிக்குள் இறங்கிவிட்டது. தம்பியை ஏரிக்கரையில் விட்டுவிட்டு ஓட்டிவரப் போனான். திரும்பி வந்தபோது தம்பி ஏரியில் கிடந்தான்.

"எங்கம்மா என்னிய அடிக்கலீங்க சார்" என்றான். "ஒண்ணியும் சொல்லல. அன்னிலேர்ந்து எம்மேல கை வெக்கவே இல்லீங்க. அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

அவன் அதிகம் பேசியது அன்றுதான்.  சௌந்தரராஜனின் பேனா நிற்கவில்லை. 'இளம்வயதில் தம்பியின் மரணம். தன்னால்தான் என்ற எண்ணம்' என்று எழுதினான். இரண்டாவது கட்டத்தில் இருந்த இந்த வரிக்கும் மூன்றாவது கட்டத்தில் இருந்த விபத்துக்கும் நடுவில் விரல்கடை தூரம்தான் தாளில். அவன் கோடு இழுக்கவில்லை. அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும் என்று எதிரே ஒருவன் உட்கார்ந்து சொல்கிறான். இவன் அடுத்த கட்டத்தைப் பார்க்கிறான். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற இடம் இது.

அடுத்த கட்டம் காலியாக இருந்தது. தாங்கி நிற்பது எது? முனிலட்சுமியை எழுதலாம் என்றால் அவளை ஏற்கெனவே நான்காவதில் எழுதியாயிற்று. சாமி கும்பிடுவதில்லை. ஊரோடு போக்குவரத்தில்லை. காலிக் கட்டத்தோடு ரிப்போர்ட்டைக் கொண்டுபோனபோது சென்னம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணுமே இல்லாம ஒரு மனுஷன் இத்தன நாள் இருந்திருக்க மாட்டான். போய்த் தேடு."

தேடினான். தேடியது கிடைத்தே ஆகவேண்டும் என்று தேடினால் கிடைத்துவிடும்.

"வேற எங்கயாவது போவாரா, யாரையாவது பாப்பாரா?" என்று முனிலட்சுமியிடம் கேட்டான்.

"ஞாயித்துக்கெழமை ஆனா தங்கதுரண்ணன் வூட்டுக்குப் போயிடுவாருங்க சார். மழயோ வெயிலோ நிக்கமாட்டாரு. ஒடம்பு சரியில்லன்னாலும் போவாரு. அது ஒண்ணுதாங்க அவரா எந்திரிச்சிப் போற எடம்."

சௌந்தரராஜனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விபத்தில் சிக்கிய நண்பனோடு அறுபடாத உறவு. வாரம் தவறாத சந்திப்பு. வேறெதற்கும் எழாதவன் தானாக எழுந்து போகிறான். ஐந்தாவது கட்டத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினான். சிகிச்சைத் திட்டமும் அதிலிருந்து பிறந்தது. பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க வைப்பது, அதற்குப் பலமாக நண்பனின் வீட்டுக்குப் போவதைக் கூட்டுவது.

ரிப்போர்ட்டை எல்லோர் முன்னும் வாசிக்கும் நாளுக்கு முன்பு தங்கதுரையை ஒரு முறை பார்த்துவிடலாம் என்றுதான் இருந்தான். தங்கதுரை கம்பெனியை விட்டபின் வாடகை குறைவாக இருக்கிறதென்று ராயக்கோட்டை ரோட்டில், சானமாவுக் காட்டை ஒட்டி ஒரு வீட்டுக்குப் போயிருந்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது கண்டக்டர் கையை விரித்தார். "யான எறங்கி ரோட்ல நிக்குதாம் சார். இப்ப வண்டி போவாது." சௌந்தரராஜன் ஒரு டீ குடித்துவிட்டு வேனுக்குத் திரும்பிவிட்டான். பாவம், யானை மேல் பழி போடக்கூடாது. அது மத்தியானமே காட்டுக்குள் போய்விட்டது. அடுத்த வாரமும் பஸ் ஓடியது, அதற்கடுத்த வாரமும் ஓடியது. கட்டம்தான் நிரம்பிவிட்டதே என்று இவன்தான் போகவில்லை.

வாசிப்பு நன்றாக நடந்தது. அத்தனை பேர் முன்னால் ஐந்தையும் கோத்துச் சொன்னான். சென்னம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை அந்த நண்பர் வீட்ல இவர் என்ன பண்றார்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான்கே எழுத்து. "பேசிட்டிருப்பாங்க மேடம்" என்றான் சௌந்தரராஜன்.

சென்னம்மா அவனைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரி, மேலே சொல் என்றார். அவரும் மனுஷிதான், அன்று இன்னும் நிறைய ரிப்போர்ட்டுகள் இருந்தன.

"வெங்கடப்பா, தங்கதுரை வீட்டுக்கு இனிமே நடுவுலயும் ஒரு நாள் போய்ட்டு வாங்க. உங்களுக்கு நல்லது" என்றான் சௌந்தரராஜன், அடுத்த முகாமில்.

வெங்கடப்பன் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வந்தது போல வாய் திறந்து மூடியது. இல்லை என்று சொல்லத் தெரியாதவன் அவன்.

"போறங்க சார்."

படிகள் வகுத்தார்கள். முதலில் மூச்சை நிதானமாக விட்டு உடம்பைத் தளர்த்தப் பழகுவது. பிறகு கம்பெனி கேட்டுக்கு வெளியே பயம் தணிகிற வரை நிற்பது. பிறகு உள்ளே கேண்டீன். பிறகு பேக்கிங் பிரிவு. கடைசிப் படி, பிரஸ் மிஷின் முன்னால் நிற்பது. ஒவ்வொரு படியிலும் பயம் எவ்வளவு என்று நூற்றுக்கு மார்க் போடச் சொன்னான். கம்பெனியில் சரசம்மா என்று ஆட்கள் விஷயம் பார்க்கிற பெர்சனல் ஆபீசர் ஒருவர், நல்ல மாதிரி. அவரும் ஒத்துழைத்தார். முதல் சில வாரம் கேட்டிலேயே வெங்கடப்பனுக்குச் சட்டை நனைந்தது. அப்புறம் திடீரென்று பயம் விழுந்தது. கேண்டீனில் உட்கார்ந்தான், பேக்கிங்கில் வேலை பார்த்தான். முகத்தில் ஒரு அமைதி. வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு போடலாம் இப்ப?"

"ஒண்ணியும் இல்லீங்க சார். பயமே இல்ல."

பயம் இவ்வளவு சீக்கிரம் இறங்குமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது சௌந்தரராஜனுக்கு. ஆனால் தன் வேலை பலிக்கிறது என்று நம்புவது எவ்வளவு சுகம்! அந்தச் சுகத்தில் அந்த நிமிஷத்தைத் தள்ளிவிட்டான். மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். முனிலட்சுமி முகாமுக்கு ஒரு பை தக்காளி கொண்டுவந்து கொடுத்தாள்.

கடைசிப் படி ஏறிய முதல் வாரத்திலேயே, வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு பகல் நேரத்தில், வெங்கடப்பன் வலது கையை அச்சுக்கு அடியில் வைத்தான். இடது கையால் பட்டனை அழுத்தினான்.

கம்பெனி அதை விபத்து என்றது. முனிலட்சுமியும் விபத்து என்றுதான் நம்பினாள். சௌந்தரராஜன் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவள் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். "உங்கள நம்பித்தானே சார் அனுப்புனேன்" என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெங்கடப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தான். மணிக்கட்டோடு பெரிய கட்டு. முகம் தெளிவாக இருந்தது. வேறு யாரும் பக்கத்தில் இல்லை. திரையும் இல்லை. அவர்கள் இருவரும் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன வெங்கடப்பா இது?"

"நல்லா தூக்கம் வருதுங்க சார்" என்றான் வெங்கடப்பன். "கனவே இல்ல. எத்தினி நாளாச்சு இப்பிடித் தூங்கி."

பிறகு, கேட்காமலேயே சொன்னான். அந்த மிஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்படி இருந்தால் ஆபரேட்டரின் கை உள்ளே போக வழியில்லை. ஆனால் அதில் வேகம் வராது. அதனால் ஒரு பட்டனில் சின்ன மரக்கட்டையைச் செருகி அழுத்தியே வைத்துவிடுவார்கள். எல்லா ஷிப்டிலும் உண்டு, விபத்துக்குப் பிறகும் நிற்கவில்லை, சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது போலப் போவார். அன்றைக்குக் கட்டையைச் செருகியது வெங்கடப்பன். தங்கதுரை கையை விட்டதைப் பார்க்காமல் மற்றப் பட்டனை அழுத்தியதும் வெங்கடப்பன். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் சூப்பர்வைசர் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மிஷின் கோளாறு என்று எழுதினார்கள்.

"தங்கதுரண்ணன் ஒரு வார்த்த கேக்கலீங்க சார். எங்கம்மா மாதிரியே. ஞாயித்துக்கெழமை போயி அவருக்கு நாந்தான் ஷேவிங் பண்ணிவுடுவேன். கை போனதுலேர்ந்து சலூனுக்குப் போவ வெக்கப்பட்டுக்கினு வூட்லயே கெடக்கறாரு. மூஞ்சியக் காட்டிக்கினு உக்காந்துக்குவாரு. நான் இந்தக் கையில பிளேடப் புடிச்சிக்கினு..." நிறுத்தினான். "அந்த மொட்டக் கைய எம் முட்டிமேலதாங்க வெச்சிக்குவாரு. வூட்டுக்கு வந்தா அந்த வாரம் பூரா அதுவே கண்ணுல நிக்கும். நீங்க நடுவுலயும் போவச் சொன்னீங்க. போனேன். ஒரு நாள் சிரிச்சிக்கினே சொன்னாரு, 'எனக்கு இன்னொரு கை மொளைச்சா ஒன்னிய விட்டுருவேன்டா'ன்னு. கைக்குக் கை குடுத்தாதான் தீரும்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சிதுங்க. இப்ப சரியாப் போச்சு."

சௌந்தரராஜன் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அழகான கையெழுத்தில் தான் நிரப்பிய ஐந்தாவது கட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தாங்கி நிற்பது என்று எழுதியதுதான் வாரா வாரம் அவன் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தது. அதை இரட்டிப்பாக்கி, மருந்து என்று சொல்லிக் கொடுத்தவன் இவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கதுரை வீட்டுக்குப் போனான். இப்போது பஸ் கிடைத்தது. தங்கதுரையின் மனைவி கருப்பாயி பாயை விரித்துப்போட்டுவிட்டு உள்ளே போனாள். தங்கதுரை தாடியும் மீசையுமாக உட்கார்ந்திருந்தான். சாத்தூர்ப் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தான்.

"நம்ம பக்கமா தம்பி நீங்க? வெங்கடப்பன் எப்படி இருக்கான்? ஆஸ்பத்திரிக்கு வரணும்னுதான் இருக்கு. இந்தக் கையோட போயி அவன் முன்னால எப்படி நிப்பேன், சொல்லுங்க. கூடப் பெறந்தவன்கூட இப்படி இருக்க மாட்டான் தம்பி. ஞாயித்துக்கெழம விடிஞ்சா அவன் வருவான்னுதான் நான் எந்திரிச்சி உக்காருவேன். மத்த நாளு எனக்கு எதுக்கு விடியுதுன்னே தெரியாது."

சௌந்தரராஜன் தயங்கித் தயங்கி அந்த மரக்கட்டையைப் பற்றிக் கேட்டான். தங்கதுரை அவனை விநோதமாகப் பார்த்தான்.

"கட்டையா? அது எனக்குத் தெரியாதா என்ன? சீவிக் குடுத்ததே நாந்தான தம்பி. வேகம் பத்தலன்னு நாந்தான் செருகச் சொன்னேன். செருகி வச்ச மிஷின்ல கைய விட்டதும் நாந்தான். அவன் என்ன பண்ணுவான்? பாவம், அந்தப் பேச்சை எடுத்தா அவன் மனசு சங்கடப்படுமேன்னுட்டுத்தான் நான் வாயே தெறக்கறதில்ல."

கருப்பாயி டீ கொண்டுவந்து வைத்தாள். சௌந்தரராஜனால் டம்ளரை எடுக்க முடியவில்லை. அந்த வீட்டுக்குள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வாரா வாரம் அதே பாயில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவன் மேல் ஒருவன் வைத்த பிரியத்தாலேயே இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேட்பதற்கென்றே படித்தவன் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

பெங்களூரில் சென்னம்மா மேடம் முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அன்னிக்கு உன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுது, உனக்குத் தெரியலன்னு" என்றார் கடைசியில். "நானும் விட்டுட்டேன். திருத்தி எழுது. அவருக்கு இனிமே பிரயோஜனம் இல்ல. அடுத்ததா படிக்கிறவங்களுக்காவது ஆகும்."

திருத்தி எழுதினான். ஞாயிற்றுக்கிழமையை ஐந்தாவது கட்டத்திலிருந்து எடுத்து நான்காவதில் போட்டான். தம்பி இறந்ததற்கும் கட்டை செருகியதற்கும் நடுவே கோடு இழுத்தான். தன்னைத் தண்டிக்க ஆளில்லை என்கிற வேதனை அங்கிருந்து இங்கே வந்தது, வாரா வாரம் பேசாத முகத்தைப் பார்த்ததில் நீடித்தது, பயம் திடீரென்று இறங்கியது குணமானதினால் அல்ல, முடிவெடுத்துவிட்டதினால் என்று எழுதினான். இந்த முறை எல்லாம் கோத்துக்கொண்டு வந்தது. ஐந்தாவது கட்டத்துக்கு மறுபடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. காலியாகவே விட்டான். அலமாரியில் இருப்பது இந்தத் திருத்திய ரிப்போர்ட்தான்.

கட்டு பிரிப்பதற்கு முன்னால் இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனான். தங்கதுரை சொன்னதைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் குழம்பினான். சொன்னால் வெங்கடப்பன் கையைக் கொடுத்தது ஒன்றுமில்லாததுக்காக என்றாகிவிடும். சொல்லாவிட்டால் இரண்டு வீட்டிலும் அந்த மௌனம் அப்படியே கிடக்கும். சென்னம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். கேட்கவில்லை. முனிலட்சுமி புருஷனின் இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துச் சோறு தின்னப் பழக்கிக்கொண்டிருந்தாள். வெங்கடப்பன் சிறு பிள்ளை போல மேலெல்லாம் சிந்திக்கொண்டு, இவனைக் கண்டதும் சிரித்தான்.

"தங்கதுரண்ணனப் பாத்தீங்களாமே சார். என்னா சொன்னாரு?"

சௌந்தரராஜனுக்குக் கட்டையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. எதையாவது சொல்லவேண்டுமே என்று, மனதில் நின்றதில் தீங்கில்லாதது எது என்று தேடி, "தாடியும் மீசையுமா இருக்கார். ஷேவ் பண்ணிவிட ஆளில்லையாம்" என்றான்.

வெங்கடப்பனின் சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்பூனைத் தட்டில் வைத்தான். கட்டுப் போட்ட கையைக் குனிந்து பார்த்தான். புரட்டிப் பார்த்தான்.

"அத நான் நெனைக்கவே இல்லீங்களே சார்" என்றான்.

அடுத்த வார முகாமுக்கு முனிலட்சுமி தனியாக வந்தாள். அவருக்கு மறுபடியும் தூக்கம் போய்விட்டது என்று சொன்னாள்.